எரியா? ஏரியா?

நுழையும்முன்

ஒரு கருத்து ஓலைச்சுவடியில் இருந்தவரை அது சுவடி இருக்கும் வீட்டுக்குரியதாக இருந்தது. அச்சேறிய பின் அது எவர் கைக்கும் எட்டியது. இம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. சீவக சிந்தாமணி அச்சேறிய கதை அதை நன்கு விளக்கும். மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றின் வரலாற்று மன்றக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம் இப்பாடம்.

ஒரு சொல், இரண்டு ஊர்கள்

கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதியிருக்கிறேன்: 'எரி சூழ்ந்த ஊர்'. இத்தொடர் எந்தப் பழைய நூலிலும் உள்ளதன்று. உங்களுக்காக நான் அமைத்தது. எரி என்றால் நெருப்பு. ஆகவே தீப்பற்றிய ஊர் ஒன்று உங்கள் கண்முன் தோன்றும். மக்கள் அலறி ஓடுகிறார்கள், கூரைகள் சரிகின்றன.

இதே தொடரை ஓர் எழுத்தாணி கொண்டு பனையோலையில் எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய ஓலைகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு இராது. குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்று இலக்கணம் கூறியது. ஆனால் ஓலையில் புள்ளியிட்டால் அவ்விடம் கிழியக்கூடும் என்று எழுதியவர்கள் அஞ்சினர். எனவே புள்ளியை விட்டுவிட்டனர். இப்போது அத்தொடரை 'ஏரி சூழ்ந்த ஊர்' என்றும் படிக்கலாம். நெருப்பு அணைந்துவிட்டது. நீர் நிறைந்து, வயல் விளைந்து, மக்கள் அமைதியாக வாழும் ஊர் ஒன்று தோன்றுகிறது.

ஒரே ஓலை, ஒரே கீறல்கள், இரண்டு ஊர்கள். எந்த ஊரைப் பற்றிப் புலவர் பாடினார்?

குழப்பம் இத்துடன் முடிவதில்லை. ஓலையில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. எனவே மகரத்தை அடுத்து ஒரு கோடு இருந்தால் அதை 'மா' எனலாம்; 'மர' எனலாம்; 'மர்' என்றும் படிக்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமும் இல்லை.

இத்தகைய ஓலைகளின் நடுவே ஓர் இளைஞர் ஏழாண்டுகள் போராடினார். அந்த இளைஞரின் பெயர் உ. வே. சாமிநாதையர். அவர் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு வினா

1880ஆம் ஆண்டு. சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அவ்வாண்டுதான் பணியேற்றிருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனத் தாம் கற்ற நூல்களை அவர் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் வியப்பர்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தவர். இளைஞரிடம் அவர் என்னென்ன நூல்களைக் கற்றிருக்கிறீர் என வினவினார். சாமிநாதையர் தம் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. அவையெல்லாம் பிற்கால நூல்கள் அல்லவா என்றார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என்று கேட்டார்.

இளைஞர் திகைத்தார். அந்நூல்களை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொல்லவில்லை.

மாணவர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தமிழ் அச்சுக்கலை அப்போது புதியதன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். 1812இல் சென்னையில் திருக்குறள் மூலம் அச்சாகிவிட்டது. அவ்வாறிருந்தும் 1880இல், தமிழையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றையும் கண்டதில்லை. அச்சுப்பொறி வந்துவிட்டால் கருத்துகள் தாமே பரவிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். பொறி காத்திருந்தது, ஏட்டைப் படித்துப் பொருள் கண்டு அதனிடம் கொண்டுசேர்க்கத்தான் ஆள் இல்லை.

தெரிந்து தெளிவோம்

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியும் அவர்கள் கைக்கு வந்தது. அது சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேப்பேரியில் இருந்த சமயப்பணியாளர் பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1835இல் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிய பின் இந்தியர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின.

ஏழாண்டு இருள்

இராமசாமி முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியைக் கொடுத்தார். சாமிநாதையர் அதைத் திறந்தார். திருத்தக்கதேவர் இயற்றிய நூல் அது. பதின்மூன்று இலம்பகங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். நச்சினார்க்கினியரின் உரையும் உடன் இருந்தது. ஆனால் பாட்டும் உரையும் பின்னிக் கிடந்தன. உரைக்கு நடுவே வேறு நூல்களின் வரிகள் மேற்கோளாக வந்தன. எந்த நூலின் வரிகள் என்று பல இடங்களில் உரையாசிரியர் சொல்லவில்லை. அவர் காலத்து மாணவருக்கு அவை தெரிந்த வரிகள். சாமிநாதையருக்கோ அவை இருளில் கேட்கும் குரல்கள். பேசுபவர் யாரென்று தெரியவில்லை.

அவர் என்ன செய்தார்? முதலில் ஊர் ஊராகச் சென்று வேறு ஏடுகளைத் தேடினார். ஓர் ஏட்டில் சிதைந்த இடம் மற்றோர் ஏட்டில் நன்றாக இருக்கக்கூடும் அல்லவா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. பத்து ஏடுகளுள் எட்டில் ஒரு பாடம், இரண்டில் வேறொரு பாடம் இருப்பதாகக் கொள்வோம். எட்டுத்தான் சரி என்று வாக்கெண்ணி முடிவு செய்யலாமா? கூடாது. அந்த எட்டும் பிழையான ஒரே தாய் ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே வரி எட்டிலும் விடுபட்டிருந்தால் அவை உடன்பிறப்புகள் என்பது புலப்படும். அப்போது எட்டுச் சான்றுகளும் ஒரு சான்றாகவே எண்ணப்படும்.

இனி நம் கரும்பலகைக்கு வருவோம். எரியா, ஏரியா? யாப்பிலக்கணம் படித்த நீங்களே இதைத் தீர்க்கலாம். 'எரி' என்பது இருகுறில் இணைந்த நிரையசை. 'ஏரி' என்பதோ நேர், நேர் என ஈரசை. பாடலின் சந்தம் எதை ஏற்கிறது என்று பாருங்கள். எதுகையும் உதவும். இரண்டாம் எழுத்து ஒன்றிவருதல் எதுகை. அதற்கு முன்னுள்ள முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். மற்ற அடிகள் 'மாரி', 'வாரி' எனத் தொடங்கினால் நம் ஊரைச் சூழ்ந்தது ஏரி. 'கரி', 'வரி' எனத் தொடங்கினால் அது எரி. பிழையான பாடத்தை இவ்வாறு கண்டுபிடிப்பதற்குத் தமிழ்ப் பாட்டின் கட்டமைப்பே காவலாக நின்றது.

ஆனால் யாப்பு எல்லாப் பூட்டையும் திறக்காது. சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அச்சமயத்தின் கலைச்சொற்கள் அதில் நிறைந்திருந்தன. சைவ நூல்களில் ஊறிய சாமிநாதையருக்கு அவை விளங்கவில்லை. அறிந்த புலவர்களைக் கேட்டார், பயனில்லை. எங்கே போவது?

விடை அதே கும்பகோணத்தில் இருந்தது. அங்கு வாழ்ந்த சமணர் வீட்டுக்கு அவரை ஒருவர் அழைத்துச் சென்றார். அவ்வீட்டார் சிந்தாமணியைப் புனித நூலாக மதித்து, முறையாக ஓதிப் பொருள் கேட்டு வந்தனர். தமிழ்ப் புலவர் உலகம் மறந்துவிட்ட நூல் சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டில் உயிரோடு இருந்தது! சாமிநாதையர் அங்கே அமர்ந்து ஐயம் கேட்டார். சந்திரநாத செட்டியார் முதலியோர் விளக்கினர். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இதிலிருந்து ஒன்றை நாம் உணரலாம். ஓலைக்காலத்தில் கருத்துகள் பரவவில்லை என்பது தவறு. அவை பரவின, ஆனால் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும், ஒரு சமயத்தாருக்குள்ளும் பரவின. வெளியே இருந்தவர்க்குத் தெரு ஒன்றே கடக்க இயலாத எல்லையாயிற்று.

இரும்புச் சட்டத்தின் முன்

பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் நூலை அச்சிடும் எண்ணம் உறுதிப்பட்டது. அப்போது ஒரு சோதனை வந்தது. பதிப்புலகில் அன்று புகழ்பெற்றிருந்தவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றியவர் அவர். சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பி, சாமிநாதையரின் குறிப்புகளைக் கேட்டார். அவரோ பட்டறிவு மிக்கவர். சாமிநாதையரோ ஒரு நூலையும் இவ்வாறு பதிப்பித்து அறியாதவர். கொடுத்துவிடுவதா? பெருந்தடுமாற்றத்துக்குப் பின் தாமே பதிப்பிப்பது என்று அவர் முடிவு செய்தார்.

பொருளுக்கு என்ன செய்வது? நூல் வெளிவருமுன்பே வாங்குவதாகக் கையொப்பமிட்டு முன்பணம் தருபவர்களை நாடினார். பல ஊர்களில் உள்ளோர், ஒருவரையொருவர் அறியாதோர், இன்னும் பிறவாத ஒரு நூலுக்காகப் பணம் கொடுத்தனர். ஏட்டைப் படியெடுக்க ஒரு செல்வரோ மடமோ போதும். அச்சுக்கோ முகம் தெரியாத வாசகர் கூட்டம் வேண்டும்.

சென்னையில் அச்சுவேலை தொடங்கியது. அன்றைய அச்சுக்கூடத்துக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன். சாய்ந்த மரப்பெட்டி ஒன்று. அதில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் ஈய அச்சுகள் குவிந்துள்ளன. அச்சுக்கோப்பவர் கையெழுத்துப் படியைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குகிறார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். பக்கங்கள் நிறைந்ததும் அவற்றை இரும்புச் சட்டத்தில் இறுக்குவர். எட்டுப் பக்கம் கொண்ட இத்தகைய தொகுதியைப் பாரம் என்பர். அதன்மேல் மை தடவி ஒரு தாளை அழுத்தி எடுத்தால் அதுவே மெய்ப்பு. பதிப்பாசிரியர் மெய்ப்பைப் படித்துப் பிழை திருத்தித் தருவார். திருத்தியபின் மீண்டும் மெய்ப்பு, மீண்டும் திருத்தம்.

இப்போதுதான் உண்மையான அச்சம் தொடங்குகிறது. ஓர் அச்சுக்கூடத்தில் இருக்கும் ஈய எழுத்துகள் அளவானவை. முழு நூலையும் ஒரே நேரத்தில் கோத்து வைக்க அவை போதா. எனவே ஒரு பாரத்தை அச்சிட்டு முடித்தவுடன் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, உரிய அறைகளில் இட்டு அடுத்த பாரத்துக்குப் பயன்படுத்துவர். அச்சிடலாம் என்று பதிப்பாசிரியர் கையொப்பமிட்ட பிறகு அந்தப் பக்கம் இல்லாமலே போய்விடும். ஐந்நூறு படிகள் அச்சிட்டால் ஐந்நூறிலும் ஒரே பிழை நிற்கும். நாளைக்கு நல்ல ஏடு ஒன்று கிடைத்தாலும் முன்னே சென்று திருத்த இயலாது. நூலின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவே.

ஏட்டை வைத்திருந்தவர் 'எரியோ ஏரியோ' என்று ஐயத்துடனே வாழலாம். ஓலை அந்த ஐயத்தைத் தாங்கிக்கொள்ளும். ஈய எழுத்து தாங்காது. அறைக்குள் கைவிடும்போது எகரத்தை எடுப்பதா, ஏகாரத்தை எடுப்பதா என்பது முடிவாகியிருக்க வேண்டும். பாட்டு எது, உரை எது என்று பிரித்தாக வேண்டும். சொல் எங்கே முடிகிறது என்று காட்டியாக வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒவ்வொன்றுக்கும் அந்த முடிவு தேவைப்பட்டது. தம்மால் முடிவு செய்ய இயலாத இடங்களில் வேறு ஏடுகளின் பாடத்தைப் பிரதிபேதமாகக் காட்டும் வழியை அவர் மேற்கொண்டார்.

அவரோ கும்பகோணத்தில் பாடம் நடத்த வேண்டியவர். ஆதலால் மெய்ப்புகள் அஞ்சலில் சென்று திரும்பின. விடுமுறை வந்தால் அவரே புகைவண்டியேறிச் சென்னைக்கு வந்தார். திருமானூர் கிருஷ்ணையர் போன்ற நண்பர்கள் ஒப்புநோக்கத் துணைநின்றனர். ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றவர் மெய்ப்பைப் பார்க்க, இரவுகள் கழிந்தன. 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. முன்சீபின் வினாவுக்கு ஏழாண்டுக்குப் பின் விடை கிடைத்தது.

அச்சேறிய பின்

கதை இங்கே முடிந்ததென எண்ணுகிறீர்களா? கருத்துப் பரவலின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வாசகர் வட்டம் மாறியது. கும்பகோணத்துச் சமணர் வீட்டில் பொருளுணர்ந்து ஓதப்பட்ட நூல் சைவர் கைக்கும் வைணவர் கைக்கும் சென்றது. கடலையும் கடந்தது. பாரிசில் தமிழ் கற்பித்த பிரெஞ்சு அறிஞர் ஜூலியன் வின்சோன் அதைப் படித்துச் சாமிநாதையருக்குக் கடிதம் எழுதினார். கும்பகோணத்தில் இருப்பவரும் பாரிசில் இருப்பவரும் ஒரே பாடலை அதே எண்ணிட்டுக் குறிப்பிட முடிந்தது. இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் இரண்டு ஓலைச்சுவடிகளில் ஒரே பாடல் ஒரே இடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒருவர் காட்டும் இடத்தை மற்றவர் தம் படியில் கண்டால்தான் அவர் கூற்றை ஆராயவும் மறுக்கவும் இயலும். ஒரு மனிதரின் ஐயம் பலர் சேர்ந்து தீர்க்கும் வினாவாக மாறியது அச்சினால்தான். அவ்வாறு வந்து சேர்ந்த அறிவு மீண்டும் நூலுக்குள் சென்றது. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும் மூன்றாம் பதிப்பு 1922இலும் திருத்தங்களுடன் வெளிவந்தன.

இரண்டாவதாக, ஒரு நூல் மற்றொரு நூலுக்கு வழிகாட்டியது. நச்சினார்க்கினியர் உரையில் கேட்ட 'இருளில் பேசும் குரல்களை' நினைவிருக்கிறதா? அவை யாருடையவை என்று தேடிய சாமிநாதையர் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் அடையாளம் கண்டார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவரால் அச்சேறின.

பத்துப்பாட்டுப் பணியில் ஒரு திடுக்கிடும் இடம் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பகுதியில் சில அடிகள் இல்லை. பூக்கள் உதிர்ந்திருந்தன! உரையைக் கொண்டு ஏதோ விடுபட்டுள்ளது என அறிந்தார். எந்தப் பூக்கள் என அறிய வழியில்லை. யாப்பு இங்கே உதவாது. இல்லாத அடிக்கு எதுகை காண்பது எங்ஙனம்? இறுதியில் தருமபுரம் ஆதீனத்துச் சுவடிகளைக் கட்டுக் கட்டாக அவிழ்த்துத் தேடினார். அங்கிருந்த ஓர் ஏட்டில் அந்த அடிகள் இருந்தன. இன்று நீங்கள் ஏதேனும் ஒரு பதிப்பைத் திறந்து அப்பூக்களை எண்ணலாம். அவற்றை அந்த ஓர் ஏடு காத்தது. அது செல்லரித்துப் போயிருந்தால் எண்ணிக்கை ஒருபோதும் நிறைந்திராது.

மூன்றாவதாக, அச்சிட்ட நூல்கள் ஒன்றையொன்று சந்தித்தன. மணிமேகலை பௌத்த காப்பியம். சிந்தாமணிக்குக் கும்பகோணத்துச் சமணர் கிடைத்தனர். மணிமேகலைக்குப் பொருள் சொல்லத் தமிழ்நாட்டில் பௌத்தர் எங்கே? அப்போது கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் கைகொடுத்தார். ஐரோப்பிய அறிஞர்கள் பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்ட நூல்களை அவர் படித்துத் தமிழில் விளக்கினார். ஆங்கிலம் அறியாத சாமிநாதையர் குறிப்பெடுத்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை வெளிவந்தது. இந்தியாவில் பிறந்து, இலங்கையிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்து, ஐரோப்பாவில் அச்சாகி, கும்பகோணத்துக்குத் திரும்பிவந்த கருத்துகள் தமிழ்க் காப்பியம் ஒன்றன் பூட்டைத் திறந்தன.

அச்சு செய்யாதவை

அச்சின் புகழை மட்டும் சொல்லிச் சென்றால் வரலாறு நிறைவுறாது. நூலை விலைகொடுத்து வாங்கக்கூடியவரும் எழுத்தறிந்தவரும் அன்று சிலரே. எனவே பரவல் விரிந்ததே தவிர எல்லாரையும் எட்டிவிடவில்லை.

மேலும் அச்சு ஏடுகளின் அழிவை நிறுத்தவில்லை. ஏடு தேடிச் சென்ற சாமிநாதையர் தென்பாண்டி நாட்டுக் கோயில் ஒன்றில், பழுதுற்ற சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு வருந்தினார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும் கேள்வியுற்றார். எரியும் நீரும்! நம் கரும்பலகைச் சொல்லின் இரு பொருளும் ஏடுகளுக்குப் பகையாயின. அச்சிட்ட நூல் கைக்கு வந்தபின் ஏடு எதற்கு என்ற எண்ணமும் எழக்கூடியதே. ஆனால் பதிப்பாசிரியர் செய்த முடிவு சரியா என்று நூறாண்டு கழித்து ஒருவர் ஐயுற்றால் அவர் எதைப் பார்ப்பார்? ஏட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இக்கதையின் கடைசிக் காட்சி நம் ஊரிலேயே நிகழ்கிறது. சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார்; இங்கிருந்து வடக்கே நடக்கும் தொலைவிலுள்ள திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். 1942இல் மறைந்தார். அவர் தேடித் தொகுத்த ஏடுகளும் நூல்களும் கையெழுத்துக் குறிப்புகளும் சிதறிவிடாமல் காக்க, மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. இன்று அது பெசன்ட் நகரில் இயங்குகிறது. மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் அங்கே சென்றுவிடலாம்.

அடுத்த வாரம் நம் மன்றம் அங்கே செல்லவிருக்கிறது. ஓர் ஏட்டைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து காணும்போது முதல் வரியைப் படிக்க முயலுங்கள். உங்கள் கண் ஏதேனும் ஓரிடத்தில் நின்றுவிடும். குறிலா நெடிலா, காலா ரகரமா என்று மனம் தடுமாறும். பிறகு உங்கள் பாடநூலைத் திறந்து பாருங்கள். அங்கே அந்த எழுத்து ஐயத்துக்கு இடமின்றி அச்சாகியிருக்கும். அதற்குப் பின்னே, கைவிளக்கின் ஒளியில், மெய்ப்பின்மீது எழுதுகோலைப் பிடித்தபடி ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 'கொடு', 'கோடு' ஆகிய சொற்கள் புள்ளியும் நெடில் அடையாளமும் இல்லாத ஓலையில் எவ்வாறு மயக்கம் தரும்? இவைபோன்ற ஐந்து சொல்லிணைகளைத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் பாடநூலிலுள்ள செய்யுள் ஒன்றைப் புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதி நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் செய்க. அவர் தடுமாறிய இடங்களை யாப்பு, எதுகை, பொருள் ஆகியவற்றுள் எது தீர்த்தது எனக் குறித்துக் காட்டுக.

3. நூலகத்தில் உள்ள பழைய பதிப்பு ஒன்றில் பிழைதிருத்தப் பட்டியல் இருப்பின் அதைப் படித்து, அப்பிழைகள் எழுத்து மயக்கத்தால் வந்தவையா, அச்சுக்கோத்தலில் வந்தவையா என ஆராய்க.

4. பத்து ஏடுகளுள் எட்டில் காணப்படும் பாடமே சரி என முடிவு செய்வது ஏன் பொருந்தாது? விளக்குக.

5. ஏட்டுச்சுவடி தாங்கிய ஐயத்தை அச்சு ஏன் தாங்கவில்லை என்பதைச் சிந்தாமணிப் பதிப்பின் வழி நிறுவுக.